விளக்காமல் விட்டிருக்கலாம்

நெடுமாறன்,

சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி பக்கத்து வீட்டு மாலதி அக்காவிடம். மன்னார்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

நான் படித்த ரஷ்ய நாவலில், கணவன் போட்டதாக வந்த கடிதங்களை எல்லாம் மனைவியே எழுதிக்கொண்டாள் என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி வரும். சிரித்துக்கொண்டு படித்த பக்கங்களைத் திரும்பப் புரட்டினால் அழுகை வரும். பிறகு பின்கதை என்று நாலு பக்கம் வந்து, ஏன் எழுதினாள் என்று விளக்கியே அவளைச் சின்னவளாக்கிவிட்டது.

நேற்று நீங்களும், "கல்யாணத்துக்கு முன்னாடியே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்றீர்கள். குழந்தைக்காக டாக்டர் சொன்ன டெஸ்ட்டுக்கு நீங்கள் வராததைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்தும் இருந்தது. அதன்பின் சாயங்காலம் வரை காரணம் சொன்னீர்கள். ஒன்றும் மாறவில்லை.

அறுவடை மெஷின் நாளைக்கு வரும்.

என்னை மலடி என்ற உங்கள் அம்மாவிடம், நேற்று என்னிடம் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். நான் திரும்பி வரமாட்டேன்.

கயல்விழி