துபாய் அண்ணனுக்கு மூன்று நாள் விடுப்பு

அன்புள்ள துர்காதேவி அக்காவுக்கு,

இதனால் உனக்கு அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜார் மூடி சென்ற வாரம் ஞாயிறு காலை ஏழு மணி அளவில் தரையில் விழுந்து விளிம்பு உடைந்தது. இனிச் சட்னி அரைக்கும்போதெல்லாம் ஒருவர் தட்டை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், அந்தப் பதவிக்கு நான் போட்டியின்றித் தேர்வாகியிருக்கிறேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்து, வெட்டிப் பேச்ச வுட்டு விஷயத்த எழுதுடா என்கிறாள். ஆக, இது அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி விஷால் எழுதும் கடிதம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, கால் வீக்கம் வற்றியதா என்று முதலில் கேட்கச் சொல்கிறாள். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதப் போனேன், பொய் எழுதாத, எழுதினா கைய ஒடிப்பேன் என்றாள். போனில் பேசினால் உன் முதலாளியம்மா பக்கத்திலேயே நிற்பதால் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் மஸ்கட் திரும்பும் ஏசுபாதம் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறோம்.

மூடி விழுந்ததற்குக் காரணம் அப்பா விழுந்தது. ஷேர் ஆட்டோவை எடுக்கக் கிளம்பியவர் சமையலறை வாசலில் அப்படியே சரிந்தார், வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பக்கவாதம் என்றார்கள். அன்றைக்குக் குழறிக் குழறியாவது பேசினார். பேசிய பேச்செல்லாம் ஒன்றுதான். கொமாரு எப்ப வருவான், அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்ன என்று கேட்டால், அவன்கிட்டதான் சொல்வேன் என்றார். மூன்று வருடமாகக் கொமார் அண்ணன் முகத்தைப் பார்க்கச் சிறைக்குப் போகாதவர் அவர். தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் இனி நீ என் பிள்ளை இல்லை என்று சொன்னது உனக்கும் தெரியும்.

திங்கட்கிழமையே அம்மா பெயரில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அவசர விடுப்பு மனு போட்டோம். அண்ணனின் கைதி எண், எந்தக் கோர்ட், எத்தனை வருடத் தண்டனை, அப்பாவின் நிலைமை, விடுப்பில் வந்தால் எந்த வீட்டில் தங்குவான், எல்லாம் எழுதி, வார்டு டாக்டரின் சீல் வைத்த சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு நகல் இணைத்து நேரில் கொடுத்து ரசீது வாங்கினோம். உள்ளேயிருந்து அண்ணனும் சிறை நல அலுவலர் வழியாக ஒரு மனு கொடுத்தான். போன வருடம் சித்தப்பா செத்தபோது கிடைக்கவில்லை, ஏனென்றால் விதியில் உள்ள பட்டியலில் சித்தப்பா இல்லை. பெற்றவர், கட்டியவர், பெற்ற பிள்ளை, கூடப் பிறந்தவர், அவ்வளவுதான். அப்பா பட்டியலில் இருக்கிறார், இந்த முறை தட்டிப்போகாது என்று நம்பினோம். கொடுத்த விவரமெல்லாம் உண்மையா, அண்ணன் வந்தால் ஊரில் சச்சரவு வருமா என்று உள்ளூர் போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுத்தபின்தான் உத்தரவு.

புதன்கிழமை வந்தது உத்தரவு. மனு நிராகரிக்கப்படுகிறது, மனுவில் கண்ட முகவரியில் மேற்படி கைதியின் குடும்பம் வசிக்கவில்லை என விசாரணையில் தெரிகிறது என்று இரண்டே வரி. அக்கா, அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. அவசர விடுப்பாம், அவசரம் நமக்கு, விடுப்பு அவர்களுக்கு. மூணு வருஷமா வாடகை குட்த்துகினு இந்த வூட்லதான் கீறோம், நாங்க இன்னா பேயா பிசாசா, எவன் கண்ணுக்கும் தெரியாம போறதுக்கு என்று ஸ்டேஷன் வாசலில் நின்று கத்தினாள். உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை. விசாரிச்சதுல அப்படித்தான் சொன்னாங்கம்மா என்றார் எழுத்தர். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரேஷன் கார்டில் இன்னும் பழைய படாளம் வீட்டு முகவரியே இருப்பது நம் கெட்ட நேரம். அம்மா நேராக வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணனைத் தெருவில் நிற்க வைத்து, வாடகைய ஏத்தறதுக்கு இப்டி பண்ணியா, சொன்ன வாயி புழுத்துப் போவட்டும் என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு இரண்டாவது முறை வந்தது. பேச்சு முழுதாக நின்றுவிட்டது.

அதன்பின் நடந்ததில் உன் தம்பியின் பங்கு பெரிது, அம்மா வார்டு வாசலில் தூங்கும்போது எழுதுகிறேன். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையத்தைக் கண்டுபிடித்தது நான். வக்கீல் பிரபாவதி மேடம் முன் நின்று நிலைமையை விளக்கியது நான். கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பிடச் சான்று, மோசமாகிவிட்டது என்று டாக்டரிடம் புதிய சான்றிதழ், பழைய உத்தரவின் எண்ணைக் குறிப்பிட்டு மறு மனு, நகல் சிறைத்துறை டி.ஐ.ஜி.க்கு, எல்லாம் ஒரே நாளில். வெள்ளி மாலைக்குள் மறு விசாரணை முடிந்தது. சனிக்கிழமை அண்ணன் வந்தான். வழிக்காவலுடன் மூன்று நாள். கூடவே சீருடையில் இரண்டு போலீஸ். பகலில் ஆஸ்பத்திரி, இரவில் வீடு. தெருவே நின்று பார்த்தது, அண்ணன் துபாயில் இருப்பதாகத் தெருவில் நாம் சொல்லிவந்த கதை அன்றோடு முடிந்தது. அண்ணன் அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நைனா, நைனா என்றான். அப்பா கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூன்று நாளாக அண்ணன் காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். இன்று மாலை ஐந்து மணிக்குள் அவன் திரும்ப வேண்டும்.

அம்மா எழுந்துவிட்டாள். அவள் சொல்வது: நீ அழுதுகொண்டு வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, சாமி உன்னைக் காப்பாற்றும், மஞ்சள் போட்ட பால் குடி, அண்ணன் சிறை முகவரிக்கு ஒரு கடிதம் போடு, மறக்காதே. அந்த அறிக்கைக்குப் பொய் சொன்னவன் எவனோ அவன் நன்றாக இருக்கமாட்டான் என்பதையும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அக்கா, அந்த எவனோ நான்தான். செவ்வாய் மதியம் கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் பைக்கில் வந்து, இது ஜெயில்ல கீற கொமார் வூடா என்று கேட்டார். போலீஸ் என்று எனக்குத் தெரியாது. யார் கேட்டாலும் சொல்லச் சொல்லி அம்மா மூன்று வருடமாகப் பழக்கிய பதிலைச் சொன்னேன், அண்ணன் துபாயில் இருக்கிறார் என்று. அதோடு விட்டேனா. நீங்க தேட்ற ஜெயில் கொமாரு வேற, அந்தக் குடும்பம் காலி பண்ணிட்டு போய் ரெண்டு வருஷம் ஆவுது என்று சிரிக்காமல் சேர்த்துவிட்டேன். அவர் போனதும் நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். உத்தரவைப் படித்தபோது புரிந்தது, வாயைத் திறக்கவில்லை. செல்வராஜ் அண்ணன் திட்டு வாங்கும்போது பின்னால் நின்றிருந்தேன். மறு மனுவை எழுதியதும் நானில்லை, ஒவ்வொரு வரியும் பிரபாவதி மேடம், நான் ஜெராக்ஸ் எடுத்தேன். அப்பாவுக்குப் பேச்சு இருந்த அந்த நாட்களைத் தின்றவன் நான். இதை அம்மாவிடமும் அண்ணனிடமும் இப்போது படித்துக் காட்டப் போகிறேன். கீழே அம்மாவின் கையெழுத்து இல்லையென்றால் எனக்குத் தைரியம் வரவில்லை என்று தெரிந்துகொள்.

துர்கா, படிச்சான். கொமாரு அவன ஒண்ணும் சொல்லல. மன்னிப்பு கேட்டுகினு வர செல்வராஜு வூட்டுக்கு அனுப்பிகீறேன். துபாய்னு சொல்லச் சொன்னது நாந்தான். ஒடம்ப பாத்துக்க.
அம்மா பாப்பா