யாரும் இல்லை என்றார்

ஜூன் 9

இன்றும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். திருமணத் தளத்தில் பெயர் சுபாஷிணி, வயது முப்பத்துநான்கு, ஊர் மட்டாஞ்சேரி, வேலை மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் என்று எல்லாம் நிரப்பியாயிற்று. 'உடல்நிலை' என்ற இடத்தில் இரண்டே வாய்ப்பு: சாதாரணம், மாற்றுத்திறன். போனின் குரல் இரண்டையும் மாறி மாறி வாசித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு ஸ்டார்கார்ட். பதினைந்து வயதில் பார்வையின் நடுப்பகுதி போகத் தொடங்கியது. ஓரப்பார்வை உண்டு, தனியாக நடப்பேன், ரோடு கடப்பேன், படகு பிடிப்பேன். எதிரில் நிற்பவரின் முகம் மட்டும் ஒரு சாம்பல் கறை. இது எந்த வாய்ப்பு?

ஸ்நேஹா மன்னி, "நார்மல்னு போட்டா என்ன சுபா? ஆள் நேர்ல வரச்சே சொல்லிக்கலாம்" என்றாள். மாற்றுத்திறன் என்று போட்டால் முக்கால்வாசிப் பேர் தேடலில் நான் வரவே மாட்டேனாம். 'சாதாரணம் மட்டும்' என்று தேடுகிறவர்கள்தான் அதிகம். உண்மைதான். ஆனால் நேரில் வந்தவர் கைநீட்டி, நான் அதைக் காணாமல் நின்றால்?

ஜூன் 12

மாற்றுத்திறன் என்றே போட்டேன். பார்ப்பவர் எண்ணிக்கை ஒரே நாளில் விழுந்தது.

ஜூன் 15

பக்கத்தில் பார்வைக் குறைபாட்டின் சதவீதத்தையும் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். மாற்றுத்திறனாளி அட்டையில் இருக்கும் அந்த எண்ணைப் பார்த்து ஒருவர், அப்படியானால் சமையல் யார் என்று கேட்டார். இன்னொருவரின் அம்மா, பிறக்கும் குழந்தைக்கு வருமா என்றாள். அந்தக் கேள்வி நியாயம். அவர் பக்கத்திலும் அதே மரபணு இருந்தால்தான் வரும், பரிசோதித்துப் பார்க்கலாம் என்று எழுதினேன்.

எழுதாத ஒன்று இருக்கிறது. இல்லாதவர்கள் எனக்குத் தெரிகிறார்கள்.

மூன்று வருடமாக. மங்கின வெளிச்சத்தில், தனியாக இருக்கும்போது. மாடிப்படியில் தொப்பி வைத்த சின்ன ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அடுக்களையில் ஒரு கிழவர். சத்தமே கிடையாது. முதல் நாள் நான் பேயென்றே நினைத்தேன்; யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கினேன். பிறகு கண் டாக்டர்தான் சொன்னார்: பார்வை வராத இடத்தை மூளை தானே வரைந்து நிரப்புகிறது, சார்ல் பொன்னே என்று பெயர், மனநோய் இல்லை. கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைத்தால், லைட் போட்டால், பெரும்பாலும் போய்விடும்.

போய்விடுகிறார்கள். ஆனால் போகும்வரை என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் வருடக்கணக்காக எந்த முகமும் கண்டதில்லை. அவர்களுடையதில் மட்டும் இமைமயிர்கூடத் தெளிவு.

ஜூன் 18

அதையும் எழுதிவிட்டேன். 'சில சமயம் இல்லாத உருவங்கள் தெரியும். அவை இல்லை என்று எனக்குத் தெரியும்.' பாதியை மட்டும் சொல்வது சரியா என்று உறுத்தியது.

ஜூன் 20

இரண்டு நாள்தான் வைத்தேன். ஒருவர் மந்திரவாதி விலாசம் அனுப்பினார். ஒருவர், செத்துப்போன என் அப்பா என் கண்ணுக்குத் தெரிகிறாரா என்று கேட்டார். மன்னி பார்த்துவிட்டு, "இது வேண்டாம் சுபா. ஊருக்கே சொல்ற காரியமா இது?" என்று மட்டும் சொன்னாள். எடுத்துவிட்டேன். முக்கியமானவர் யாரும் பார்த்திருக்க மாட்டார்.

ஜூன் 27

கோவிந்த். தேவராவில் ஃபிளாட். கப்பல் உதிரிபாக வியாபாரம். நிதானமான குரல். பார்வைக் குறைவு பற்றித் துருவிக் கேட்கவில்லை.

ஜூலை 6

நான்காவது தடவை பேசும்போது அவரிடம் உருவங்களைப் பற்றிச் சொன்னேன். இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறாராம், கவனமாகக் கேட்டார். பயமா என்றார். எப்போதெல்லாம் வரும், என்ன உடுத்தியிருப்பார்கள், பெண்களும் உண்டா என்றெல்லாம் கேட்டார். இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஜூலை 13

இன்றே எழுதிவிடவேண்டும்.

கோவிந்த், தன் அம்மா என்னைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னார் என்று தேவரா போனேன். போன் வழி நான் இருக்கும் இடம் மன்னிக்குத் தெரியும்படி வைத்திருந்தேன். போனால் அம்மா இல்லை; கோயிலுக்குப் போயிருக்கிறாளாம். பகல்தான், ஆனால் மழை இருட்டு. கரண்ட் வேறு போயிற்று. அவர் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளறை வாசலில் ஒரு பெண் நின்றாள். பச்சை நைட்டி. அசையவில்லை.

நான் கேட்டேன், அம்மா வந்துட்டாளா என்று.

"யாரும் இல்லையே" என்றார். பிறகு மெதுவாக, அன்பாக: "உன்னோட அதுவாக்கும். பயப்படாதே, நான் இருக்கேனில்லையா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் சொன்னதுபோல் கண்ணை இடம் வலம் அசைத்தேன். அங்கேயே இருந்தாள். தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன், உண்மையான பொருளைப் பார்க்க நான் பண்ணுவதுபோல். அவள் தோளும் ஈர முடியும் கொஞ்சம் தெளிந்தன. நேராகப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் சாம்பல் கறை.

என்னுடையவர்களுக்கு முகம் உண்டு. இவளுக்கு இல்லை. அப்படியென்றால் இவள் இருக்கிறாள்.

நான் சாயாவைக் குடித்தேன். முழுவதும். ஆமா, அதுதான் போல, இப்போ போயிடுத்து என்று சொன்னேன். அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். மன்னி கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லி இறங்கி வந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி முழுக்கச் சின்ன ஆட்கள். அவர்கள் நடுவே நடந்து வந்தேன். அவர்களைக் கண்டு எனக்கு இன்று பயமில்லை.

ஜூலை 14

எனக்கே தப்பாகியிருந்தால்? டாக்டர் சொன்னது எல்லா நேரமும் பலிக்கவேண்டும் என்று உண்டா? அவன் சொன்னதை எவ்வளவு சுலபமாக நம்பப் போனேன்.

ஜூலை 16

தெரியாத எண்ணிலிருந்து குரல்செய்தி வந்தது. பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

"நான் அம்ருதா. கோவிந்தோட பார்யா. டைவர்ஸ் கேஸ் முடியல, இப்பவும் இங்கதான் இருக்கேன். உங்க நம்பரை அவர் போன்லேருந்து எடுத்தேன். அன்னிக்கு ரூமுக்குள்ளே இருன்னு சொன்னார். நான் வேணும்னே வந்து நின்னேன். நீங்க என்னைப் பார்த்தீங்கன்னு எனக்கு அறியும்."

கடைசியில் கொஞ்சம் நிறுத்தி: "நீங்க பண்டு, ஜூன்ல, எழுதியிருந்த அந்த வரியை எனக்கு வாசிச்சுக் காட்டினார். இவள் முன்னால நீ நின்னாலும் குழப்பமில்லை, இல்லாத ஆளுன்னு நினைச்சுப்பாள்னு சொல்லிச் சிரிச்சார்."

இரண்டு நாள் இருந்த வரி. அதைப் படித்துத்தான் வந்திருக்கிறான். நான் எழுதிய உண்மைக்குள்ளேயே இடம் பார்த்து, அங்கே தன் மனைவியை ஒளித்து வைத்திருக்கிறான்.

ஜூலை 17

மன்னியிடம் சொன்னேன். திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்ருதாவின் சம்மதத்தோடு குரல்செய்தியை வைத்துத் தளத்துக்குப் புகார் கொடுத்தோம். மணமாகாதவர் என்று போட்டிருந்த அவன் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வேறு பெயரில் வருவான் என்றாள் மன்னி. வரலாம்.

ஜூலை 29

அம்ருதா பாலக்காட்டுக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 4

எல்லாவற்றையும் அழித்து 'சாதாரணம்' என்று மாற்றப் போனேன். விரல் அங்கேயே நின்றது. பிறகு வேறு மாதிரி எழுதினேன்: 'மையப் பார்வை இல்லை. தனியே பயணம் செய்வேன், வேலை போனின் குரல் வழி. தூரத்திலிருந்து சிரித்தால் தெரியாது. பெயர் சொல்லிப் பேசுங்கள்.' நோயின் பெயர் வேண்டாம், கேட்பவருக்குச் சொல்லலாம். போட்டோ நான் சம்மதித்தவருக்கு மட்டும்.

உருவங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இது மறைப்பதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நடக்கவும் பேசவும் என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியட்டும். என்னை எங்கே ஏமாற்றலாம் என்பது தெரியவேண்டாம்.

ஆகஸ்ட் 23

கிருஷ்ணபிரசாத் என்று ஒருவர், தோப்பும்படியில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை. இரண்டு வாரமாகப் பேச்சு. இன்று கேட்டார், உடம்பு விஷயத்தில் வேறு ஏதாவது தான் அறியவேண்டியது உண்டா என்று.

"உண்டு. இப்போ சொல்ல மாட்டேன். நாலு தடவை நேர்ல பார்த்தப்பறம் சொல்றேன்" என்று அனுப்பினேன்.

போய்விட்டார் என்று நினைத்துத் துணி மடிக்க ஆரம்பித்தேன். பிறகு போன் வாசித்தது:

"செரி. எனக்கும் ஒண்ணு உண்டு. அன்னிக்கே சொல்றேன்."