அங்கிள் என்று எழுதிக் கொடுத்தேன்

என் அருமைச் சித்தப்பா,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. வருஷ லீவில் நேற்றுதான் நீடாமங்கலத்தில் வந்து இறங்கினேன். நம் வயலில் சம்பா முழங்கால் உயரம் நிற்கிறது. செல்வி சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்கள் மகளிடம் சொல்ல முடியாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை அவள்தான் துபாய்க்குப் போன் செய்தாள். "அண்ணே, அப்பா போயிட்டாங்க. நீ வந்துதான் கொள்ளி வைக்கணும். எடுக்காம வச்சிருக்கோம், சீக்கிரம் வா."

ஆபீசுக்கு ஓடினேன். லீவு ஃபாரத்தில் இறந்தவர் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'ஃபாதர்' என்று எழுதினேன். மூன்று வயதில் தகப்பனை இழந்தவனுக்கு வேறு யார் அப்பா?

மேனேஜர் என் பைலைத் திறந்தார். வேலையில் சேரும்போது நானே எழுதிக் கொடுத்தது அதில் இருந்தது: தகப்பனார் காலமாகிவிட்டார். "உன் அப்பா எத்தனை தடவை சாவார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பொய் ஃபாரம் கொடுத்தால் வேலை போய்விடும் என்றார்.

அப்பாவின் தம்பி, எங்கள் பேச்சில் அவர் சின்ன அப்பா, அவரும் அப்பாதான் என்று சொல்லிப் பார்த்தேன். "ஓ, அங்கிள்!" என்றார். பெரியப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர், சித்தி வீட்டுக்காரர், எல்லோரையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்திருக்கிறார்கள். செல்வியும் கஸின், மாமா மகளும் கஸின். ஒருத்தி எனக்குத் தங்கை, இன்னொருத்தி கட்டிக்கொள்ளும் முறை என்றால் அவருக்கு என்ன புரியும்? அங்கிள் செத்தால் லீவு கிடையாதாம், வருஷ லீவையும் முன்னால் எடுக்க முடியாதாம்.

பயந்துவிட்டேன் சித்தப்பா. 'ஃபாதரை' அடித்துவிட்டு 'அங்கிள்' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரைக்கூடப் பிள்ளைகள் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? வேலை போனால் போகட்டும் என்று ஏன் கிளம்பி வரவில்லை?

சாயங்காலம் வரை காத்திருந்தீர்கள். நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். "மகன் முறையில யாருப்பா இருக்கா?" என்று சுடுகாட்டில் யாரோ கேட்டார்கள். அத்தை மகன் ராசு முன்னால் வந்தான். செல்வி மறித்தாள்.

"நீங்க அப்பாவுக்கு மருமகன் முறை அத்தான். மகன் வரல. மக நான் இருக்கேன், குடுங்க."

கொள்ளியை வாங்கி அவளே வைத்தாள். நான் போனை அணைத்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

தலைத் திதிக்கு வருவேன் சித்தப்பா. லீவு கேட்க மாட்டேன், வேலையை விட்டுவிட்டு வருவேன். செல்விக்குப் பின்னால் நின்று, அவள் தரும் எள்ளையும் தண்ணீரையும் விடுவேன். நீங்கள் என்னை "பெரியவனே" என்றுதான் கூப்பிடுவீர்கள், இந்த வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று. மகன் என்று கையெழுத்துப் போட இன்று கை வரவில்லை. அதை அன்றைக்குப் போடுகிறேன்.

அதுவரை,
உங்கள் அண்ணன் மகன்