கேமராவுக்கு ஒரு பொட்டு

செவ்வாய்க்கிழமை, பெங்களூரு

பினாங்கிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மாத்திரை தீரப்போகிறது. இங்கே அதற்கு என்ன பெயர் என்று பேரனின் டேப்லெட்டில் ஏஐயிடம் கேட்டேன். பொடி எழுத்தில் பெரிய அட்டவணை போட்டது. "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு, தெரியல" என்று எழுதினேன். உடனே அட்டவணை இல்லாமல் நாலே சிறு வரிகளில் பதில் வந்தது. செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கும் வழியையும் சொன்னது.

என் கண்ணைப் பார்க்கிறதோ? கேமராமேல் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு மறுபடி கேட்டேன். அப்போதும் சிறு வரிகள்தான்.

பேரன் சிரித்தான். "அது உங்களைப் பாக்கல பாட்டி. இந்த சாட்ல நீங்க எழுதுனத வெச்சுதான் பதில் சொல்லுது. எழுதுனதெல்லாம் அப்படியே இருக்கும்."

எல்லாமுமா? மாத்திரைக் கேள்விக்கு மேலே, இதே சாட்டில், மருமகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேனே.