பூனை சோபாவுக்குப் பின்னால்

கூடலூர்
9-3-2025

அன்பு மாயாவுக்கு,

தாத்தா நலம். இதை உன் அப்பா சுரேஷ்கண்ணன் நார்வே மொழியில் படித்துச் சொல்வான்.

ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் என்னைப் பார்த்ததும் நீ அவன் பக்கம் திரும்பி ஒரே வாக்கியம் சொல்கிறாய். அவன் ஒரே பதில் சொல்கிறான். நீ கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். எனக்கு மொழி தெரியாத கூச்சம்தான் காரணம் என்று முடிவு செய்து, ஜனவரி முதல் போனில் உன் மொழியைப் படிக்கிறேன்.

குமுளி ஜீப்பில் ஏறினால் மூன்றாவது வளைவில் மலையாளம் வந்துவிடும். நார்வேக்கு இங்கிருந்து ஜீப் கிடையாது. காலையில் பத்து புதுச் சொல். மறக்கப்போகிற நாளாகப் பார்த்து போன் அதே சொல்லைத் திரும்பக் கேட்கிறது. வருவாய்த்துறையில் எனக்கு இருந்த எந்த அதிகாரியும் இவ்வளவு ஞாபகமாக இருந்ததில்லை.

‘அன்புள்ள’ என்பதற்கு உங்கள் சொல்தான் வரவில்லை. ‘ஷ்யாரெ’ என்றால் தப்பு, ‘ஹ்யாரெ’ என்றாலும் தப்பு. நாக்கின் நடுவை அண்ணத்துக்குக் கிட்டே கொண்டுபோய்க் காற்றை மட்டும் விட வேண்டுமாம். நான் விட்டால் போனில் சிவப்புதான் விழுகிறது. சில நாள், வாயைத் திறக்கும் முன்பே ‘சரி’ என்று பச்சை விழுகிறது. கருவிக்கு அவசரம்.

அன்புடன்,
தாத்தா செல்லப்பாண்டி


கூடலூர்
4-5-2025

அன்பு மாயாவுக்கு,

உறைமேல் உன் மொழியில் எழுதியிருப்பதுதான்: இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடுக்காதே. உன் போனைக் காட்டு, அது படித்துச் சொல்லும்.

வேற்று மொழி முதலில் ஒரே இரைச்சலாகத்தான் காதில் விழும். பழகப் பழக, தெரிந்த சொல் ஒவ்வொன்றாகக் கழன்று தனியே நிற்கும். உன் வாக்கியமும் அப்படித்தான் கழன்றது. ‘ஃபார்ஃபார்’, அப்பாவின் அப்பா, அதாவது நான். அது முதலிலேயே தெரியும். ‘வெம்’ என்றால் யார் என்று பிப்ரவரியில் வந்தது. போன வாரப் பாடத்தில் ஒரு பூனையைப் படம் போட்டு, சோபாவுக்கு மேலே, கீழே, பின்னால் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘பாக்’ என்றால் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போலச் சொன்னாய். ‘தாத்தாவுக்குப் பின்னால் நிற்பது யார்?’ அப்பா சொன்னான், ‘யாருமில்லை. கையை மட்டும் ஆட்டு.’ இத்தனை வருசமாக நானும் சிரித்துக்கொண்டு திருப்பிக் கை ஆட்டியிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் பச்சை பீரோ இருக்கிறது. திறந்தும் பார்த்துவிட்டேன், வேட்டிதான் இருக்கிறது. நேற்று பக்கத்து வீட்டு மலைச்சாமி சுவருக்கு மேலே தலையை நீட்டி, “அண்ணே, வெளிநாட்டுக்காரக யாரும் வந்திருக்காகளா? ரெண்டு பேரு பேசுற சத்தம் கேக்குதே” என்றார். “பாடம்யா, போனு ஒண்ணு சொல்லும், நான் ஒண்ணு சொல்லுவேன்” என்றேன். “போனுச் சத்தம் எனக்குத் தெரியாதாண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குப் பின்னால் நிற்கிறவர் எப்படி இருக்கிறார், ஆத்தா? பயப்படாமல் எழுது. உன் மொழியிலேயே எழுது. அகராதி வாங்கிவிட்டேன்.

தாத்தா


ஸ்டவாங்கர்
25-5-2025
(நார்வே மொழியில் வந்தது. தமிழாக்கம் அகராதியின் உதவியோடு: செல்லப்பாண்டி)

அன்புள்ள ஃபார்ஃபார்,

அவர் உங்களை மாதிரியே இருக்கிறார். உங்கள் சட்டைதான் போட்டிருக்கிறார். முன்பெல்லாம் பேசுவார், ஆனால் தமிழில் பேசுவார், எனக்குப் புரியாது. அதனால் பயம் கொஞ்சம்தான்.

இப்போது அவரும் படித்துவிட்டார். உங்களைவிட நன்றாகப் பேசுகிறார். ‘அன்புள்ள’ என்பதைச் சரியாகச் சொல்கிறார். என் வீடு எந்தத் தெரு, அங்கே எந்தப் பேருந்து போகும் என்று கேட்கிறார். போன வாரம், ‘நான் கிளம்பிவிட்டேன்’ என்றார்.

நீங்கள் என் மொழியைப் பேசும்போது எனக்குச் சந்தோஷம். ஆனாலும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

மாயா


கூடலூர்
19-6-2025

அன்பு மாயாவுக்கு,

தெருவும் பேருந்தும் பதினெட்டாம் பாடம். நான் பதினைந்தில்தான் இருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். போனிலிருந்து பாடத்தை நீக்கினேன். அகராதியை நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. இத்தனை மாதம் படித்ததற்கு, நீ எனக்கென்று எழுதிய ஒரு பக்கத்தை நானே படித்தேன். அது போதும்.

இன்று காலை மலைச்சாமி வந்தார். “அண்ணே, பாடம் நல்லா முன்னேறிருச்சு போல. இப்பல்லாம் ஒத்தக் குரல்தான் கேக்குது. தங்குதடையில்லாமப் பேசுறீக” என்றார். நான் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனுசர், பயந்துவிடுவார்.

அதனால் ஒன்று செய். என் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், முதல் சொல்லை மட்டும் கேள். ‘அன்புள்ள’ என்று சுத்தமாகச் சொன்னால், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடு. தப்பாகச் சொன்னால் பேசு.

தப்பாகச் சொல்கிறவன்தான் உன் தாத்தா.

செல்லப்பாண்டி