ஒன்பதாம் நம்பர் கேரியர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் அம்மாவும் நலம்தானே? போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். இந்த அறையில் எந்நேரமும் யாராவது தூங்குகிறார்கள். வாயைத் திறந்தால் திட்டு விழுகிறது.

முதல் நாள் விடுதி மேனேஜர் ஒரு கட்டிலைக் காட்டினான். சுவரில் ஒன்பது என்று எழுதியிருந்தது. பையை மாட்ட ஓர் ஆணி. சாயங்காலம் மெஸ்ஸிலிருந்து ஒன்பது என்று பெயின்ட் அடித்த கேரியர் வந்து அதே ஆணியில் தொங்கியது. இரண்டு டப்பாவிலும் சோறு, குழம்பு. ஒன்று ராத்திரிக்கு, மற்றது மறுநாள் வேலையிடத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்த உன் பெரியப்பா மகன் சொன்னபடி சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று சந்தோஷப்பட்டேன்.

படுக்கை எப்போதும் கசங்கியே கிடந்தது. பகலில் இன்னொருவன் படுக்கிறான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். கிடங்கில் ராத்திரி மூட்டை தூக்குகிறவனாம். நான் வேலை முடிந்து வருவதற்குள் கிளம்பிவிடுவான். சரி, கட்டில்தானே என்று விட்டுவிட்டேன்.

வார லீவன்று காலையில் படுத்துக் கிடந்தேன். அவன் வந்து காலடியில் நின்றான். உன் தம்பி வயதுதான் இருக்கும். கண் உள்ளே போயிருந்தது. எழுப்பவும் தயங்கி, மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, மேல் டப்பா சோத்த நீங்களா எடுத்துட்டுப் போறீங்க?"

எழுந்து உட்கார்ந்தேன். அது அவனுடைய சோறு. தினமும் விடிந்ததும் வந்து, காலி ஆணியைப் பார்த்துவிட்டு, டீயும் பன்னும் தின்று படுத்திருக்கிறான். மெஸ்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைத்தானாம்.

மேனேஜரிடம் போய்க் கத்தினேன். இரண்டு பேரிடமும் முழுக் கட்டிலுக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கியிருக்கிறாயே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவன் பல் குத்துவதை நிறுத்தவில்லை. கேரியர் கட்டிலுக்குத்தான், ஆளுக்கு இல்லை என்றான். பிடிக்காவிட்டால் காலி பண்ணு, அட்வான்ஸ் திரும்ப வராது, கீழே ஆள் காத்திருக்கிறது என்றான்.

இதற்கே வயிறு எரிகிறது. அடுத்து அவன் சொன்னதைக் கேள். அடுத்த மாதம் ஒன்பதுக்கு மூன்றாவது ஆள் வருகிறானாம். கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக்கொள்வானாம். அந்தக் கேரியரிலேயே அவனுக்கும் பங்காம். உன் பெரியப்பா மகன் பேசி முடித்துவிட்டாராம். வரப்போவது உன் தம்பி.

சொந்தப் பெரியப்பா மகன்! நம் வீட்டில் உட்கார்ந்து நீ பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டுத்தானே இதைப் பேசினார்? இனி அந்த ஆள் வாசலுக்கு வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்காதே.

தம்பி அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போகட்டும், தொலையட்டும். அவனை மட்டும் அனுப்பாதே. என் மேல் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வேறு அறை தேடிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு ஒரு கட்டில், ஆளுக்கு ஒரு தட்டு என்று என் கண்ணால் பார்த்த பிறகு நானே கூப்பிடுகிறேன்.

இப்போது மேல் டப்பாவை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்தச் சோற்றுக் கதையை விட்டுவிடு. மத்தியானம் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டால், வயிறு நிறைய என்று சொல். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்,
பாப்பாவின் அப்பா