மூன்றாம் சுற்று வியாழன்

4.10.1990, வியாழன்

கப்பல் கம்பனிக் கந்தோர் முடிந்து நேராகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒஸ்வால்ட் மாஸ்டர் வரச் சொல்லியிருந்தார். எனக்கு டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படிப்பித்த மனிதர். ஜூனில் மெல்பேர்னுக்கு, மகளிடம் போகிறாராம்.

"வகுப்பை நீ எடுத்து நடத்து, நேசம். மெஷின் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்."

பிறகு ஒரு இங்கிலீஷ் சோதிடப் புத்தகத்தை விரித்தார். நான் பிறந்த நேரம் வியாழன் நின்ற அதே பாகைக்கு இந்தக் கிழமை திரும்பி வந்திருக்கிறதாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சரியாகச் சொன்னால் அதற்கு ஒன்றரை மாதம் முன்னால். படிக்க, நம்பிக்கை வைக்க, புதிதாகத் தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லையாம்.

மாஸ்டர் இதற்கு முன் சாத்திரம் பேசி நான் கேட்டதில்லை. மெஷின்களைப் பார்க்க ஆள் தேவைப்பட்டதும் ஞானம் வந்துவிட்டது.

ஆனாலும் பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அந்த அறையில் எங்கே கரும்பலகை வைக்கலாம் என்றுதான் யோசித்தேன்.

6.10.1990

வீட்டில் சிவானந்தன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் போய், சாதகம் பார்க்கிற ஒரு சாத்திரியாரைக் கூட்டி வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அடுத்த ஒழுங்கையில் லொட்ஜில் இருக்கிறார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருக்கிறார்.

"பிள்ளைக்குச் சந்திரனும் கடகத்தில, வியாழனும் கடகத்தில. ரெண்டும் பூசம். இப்ப வியாழன் திரும்பவும் கடகத்துக்கு வந்திருக்கு. சந்திரன்ர ராசியில வந்து நிண்டால் அது ஜன்ம வியாழன். அலைச்சல், இடமாற்றம், கெட்டபேர். ஒண்டும் தொடங்கப்படாது. வாற ஆடி முடிய சிங்கத்துக்குப் போகும், ரெண்டாமிடம். அப்ப பாப்பம்."

"கடகத்தில வியாழன் உச்சமல்லோ?" என்று கேட்டேன்.

"உச்சம்தான். அதால கெடுதலும் உச்சமா இருக்கும்."

வியாழக்கிழமைகளில் தட்சணாமூர்த்திக்கு மஞ்சள் துணியும் கடலை மாலையும் சாத்தச் சொன்னார்.

ஒரே கிரகம், ஒரே வீடு. கொட்டாஞ்சேனையில் தொடங்கு என்கிறது. வெள்ளவத்தையில் இரு என்கிறது. இந்த வீட்டு வாடகை என் சம்பளத்தில் போவது சாத்திரியாருக்கு எந்தக் கட்டத்தில் தெரிந்ததோ.

14.10.1990

நித்திரை வராமல் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு வயது, 1967: சுண்டுக்குளியில் விடுதியோடு படிக்க இடம் கிடைத்தது. ஜன்ம வியாழன், பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்று என்னைப் பெற்ற ஐயா சொன்னார். இருபத்திநாலு, 1979: வவுனியாவில் வங்கி வேலை. அப்போதும் அதே வியாழன், அதே பதில். அதற்குப் பதிலாக, பாதுகாப்பென்று, அண்ணாவோடு கொழும்பு.

பாதுகாப்பு! நாலு வருடத்தில் எண்பத்திமூன்று ஜூலைக் கலவரம் வந்தது. அதைப் பற்றி எந்தச் சாத்திரியும் மூச்சு விடவில்லை.

இரண்டு முறையும் வியாழன் வெறுங்கையோடு வரவில்லை. திருப்பி அனுப்பியது யார்?

24.1.1991, வியாழன்

கடலை மாலை கட்டுகிறேன். அண்ணி பக்கத்தில் வந்து குந்தினாள். அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

ரொறொன்ரோவில் ஒரு மாப்பிள்ளை. நாற்பத்தெட்டு. சீதனம் வேண்டாமாம். நான் போனால் பிறகு அண்ணாவின் மூத்தவனையும் அங்கே எடுக்கலாமாம்.

"ஜன்ம வியாழனில ஒண்டும் தொடங்கப்படாது எண்டல்லோ சொன்னவர்?"

அண்ணா உடனே சாத்திரியாரைக் கூட்டி வந்தார். சாத்திரியார் சாதகத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"வியாழன் நிக்கிற இடத்தை விடப் பாக்கிற இடம் விசேசம் பிள்ளை. அஞ்சு, ஏழு, ஒன்பது. ஏழாம் பார்வை கலியாண வீட்டில விழுது. இதை விடக்கூடாது."

"அந்த ஏழாம் வீட்டில இப்ப சனி வந்து நிக்குதே."

அவர் திடுக்கிட்டார். நான் பஞ்சாங்கம் பார்ப்பேன் என்று அவர் நினைக்கவில்லை.

"வியாழன் பாத்தால் சனி அடங்கும்."

மாப்பிள்ளைக்கும் வியாழன் கடகத்தில்தானாம். அவருக்கு நாலாம் சுற்று, எனக்கு மூன்றாம் சுற்று. எனக்கும் அவருக்கும் இடையில் முழுசாக ஒரு வியாழவட்டம். அதையே பொருத்தம் என்கிறார்கள்!

30.1.1991

மாஸ்டரிடம் சொன்னேன். வியாழன் இப்போது வக்கிரமாம், பின்னோக்கி வந்து என்னுடைய பாகையை இரண்டாம் தரம் தொடுகிறதாம். மே கடைசியில் முன்னோக்கி வந்து மூன்றாம் தரம்.

"முதல் தரம் விசயத்தைச் சொல்லும். பின்னால வரேக்க கேள்வி கேக்கும். மூண்டாந்தரம் விடை எழுதச் சொல்லும்."

அவருடைய டிக்கெட்டும் ஜூன் முதல் கிழமைக்குத்தான். வியாழன் எவ்வளவு வசதியான கிரகம்.

கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது. எனக்கு என்ன வேண்டும்? முப்பத்தைந்து வயதுவரை ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

10.2.1991

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணா சாதகத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அண்ணி, "உன்ர வியாழன் எங்கட பிள்ளையின்ர தலையில இறங்கிட்டுது" என்றாள்.

3.3.1991, ஞாயிறு

நேற்று ஹவ்லொக் வீதியில் குண்டு. இன்று காலை வெள்ளவத்தை முழுக்கச் சுற்றிவளைப்பு. அண்ணாவை லொறியில் ஏற்றினார்கள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு நின்றாள்.

நான் பொலிசுக்குப் போனேன். கப்பல் கம்பனிக்காரர்களோடு பேசிப் பழகிய சிங்களம் வாயில் வந்தது. அண்ணா கடையில் கணக்கு எழுதுகிறவர், பொலிஸ் பதிவு இருக்கிறது, வாடகைத் துண்டு இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னேரம் விட்டார்கள். வெளியே இன்னும் எத்தனை பெண்கள் நின்றார்கள். அவர்களில் இருவருக்காக உள்ளே போய்க் கதைத்தேன். ஒருவருடைய மகனைத்தான் விட்டார்கள்.

அண்ணா வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த பிறகு சொன்னார்:

"உனக்கு ஜன்ம வியாழன். அதுதான் என்னைப் பிடிச்சவங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

30.5.1991

இராஜினாமாக் கடிதத்தை நானே டைப் பண்ணிக் கொடுத்தேன். பதினொரு வருடத்தில் எனக்காக அடித்த முதல் கடிதம். ஒரு பிழையும் இல்லை.

3.6.1991, திங்கள்

வகுப்பு தொடங்கியது. எட்டு மெஷின், ஐந்து பேர். எல்லோரும் எங்கேயோ போகக் காத்திருக்கிறவர்கள். மாஸ்டர் விமான நிலையம் போகும் வழியில் எட்டிப் பார்த்து, 'q' சிக்கும், எண்ணெய் விடு என்றார். வியாழனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

16.6.1991

பொழுதுபட வெள்ளவத்தைத் தண்டவாளத்தடியில் நின்றேன். கடலுக்கு மேலே வெள்ளி, செவ்வாய், வியாழன், மூன்றும் கிட்டக் கிட்டக் கடகத்தில். ஒரு ஆமிக்காரன் வந்து என்ன பார்க்கிறாய் என்று அதட்டினான். சுட்டிக்காட்டினேன். அவனும் அண்ணாந்து பார்த்தான்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: குரு மாறினால் தனக்கு லீவு கிடைக்குமா?

கிடைக்கும் என்றேன். எனக்கும் பொய் வருகிறது.

14.8.1991

வியாழன் சிங்கத்துக்குப் போகிறான். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள், திருக்கணிதத்தில் இன்னொரு நாள். அண்ணா இரண்டுக்கும் கோயிலுக்குப் போகிறார். வகுப்பில் இப்போது இருபத்தெட்டுப் பேர். போன மாத வாடகையையும் நான்தான் கொடுத்தேன். "ரெண்டாமிடத்து வியாழன் வரமுதலே வேலை செய்யுது" என்கிறார் அண்ணா.

17.8.1991

வகுப்பு வாசலில் சாத்திரியார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லண்டனில் ஒரு கோயிலில் சாத்திரம் பார்க்க ஆள் தேவை என்று இவரைக் கேட்டிருக்கிறார்களாம். அங்கே சாதகத்தை இங்கிலீஷில் டைப் பண்ணித்தான் கொடுக்க வேண்டுமாம்.

"எப்ப வரலாம் பிள்ளை?"

"திங்கக்கிழமை காலமை எட்டு மணி."

"திங்கள் ஏழரை ஒன்பது ராகுகாலமல்லோ?"

"அந்த நேரம்தான் ஒரு மெஷின் சும்மா நிக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளிநாட்டு அலுவலுக்கு ராகு நல்லவன்தான்" என்றார்.

19.8.1991, திங்கள்

ஏழே முக்காலுக்கே வந்துவிட்டார்.